டெஸ்ட் லிங்க் வந்ததும் என்ன பதில் போடுவது?

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து, ஒரு மென்பொருள் வேலைக்கு விண்ணப்பித்திருந்த சித்தி மகள் போன் பண்ணினாள்.

"அண்ணே, டெஸ்ட் லிங்க் வந்துட்டு. உள்ள என்ன இருக்குன்னு திறந்து பாத்துரட்டுமா?"

"ஏட்டி, மொதல்ல கைய எடு."

அப்படிச் சொன்னதற்கு என் பழைய காயம்தான் காரணம். படிப்பு முடித்து வேலை தேடிய நாளில், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதேபோல ஒரு லிங்கைச் 'சும்மா பார்ப்போம்' என்று திறந்தேன். இரண்டு மூன்று பொத்தான்களைப் படிக்காமல் அமுக்கினேன். மூலையில் 59:58, 59:57 என்று ஓட ஆரம்பித்தது. கடை மூடும் நேரம் வேறு. ஜன்னலை மூடினால் கடிகாரம் நிற்கும் என்று நினைத்து மூடினேன். அது நிற்கவில்லை. மறுநாள் போய்த் திறந்தபோது டெஸ்ட் முடிந்துவிட்டது என்று வந்தது. லிங்க் மூன்று நாள் செல்லும் என்று மெயிலில் போட்டிருந்தது உண்மைதான். அந்த மூன்று நாளைத்தான் நான் டெஸ்டின் நேரம் என்று புரிந்துகொண்டிருந்தேன்.

புதிதாக வருகிறவர்கள் வழுக்குகிற இடம் இதுதான். டெஸ்டுக்கு வருகிற அழைப்பு மெயிலில் இரண்டு நேரங்கள் உண்டு. ஒன்று, லிங்க் திறந்திருக்கும் காலம். 48 மணி நேரம், 72 மணி நேரம் என்று இருக்கும். இன்னொன்று, ஆரம்பித்த பிறகு எழுதக் கிடைக்கிற நிமிடங்கள். 60, 90, 120 என்று இருக்கும். முதலாவது ரயில் எத்தனை மணி வரை பிளாட்பாரத்தில் நிற்கும் என்பது, இரண்டாவது ஏறிய பிறகு பயணம் எவ்வளவு நேரம் என்பது. நிறைய அழைப்புகளில் முதலாவது மட்டும் பெரிதாக இருக்கும், இரண்டாவது இருக்காது. பதில் மெயில் போட்டுக் கேட்க வேண்டியதன் முதல் காரணம் இந்த இடைவெளிதான்.

கேள்விகளை மூன்றாகப் பிரிப்பது

தங்கைக்கு வந்த அழைப்பின் சாரம் இது: 'ட்ரெய்னி டெவலப்பர் பணிக்கான உங்கள் விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. கீழே உள்ள இணைப்பில் ஆன்லைன் அசெஸ்மென்ட் எழுதவும். கோடிங், ஆப்டிட்யூட் இரண்டும் உண்டு. கேமரா, மைக் உள்ள கம்ப்யூட்டர் அவசியம். இணைப்பு வியாழக்கிழமை இரவு 11:59 வரை செல்லும்.'

அவள் உடனே தட்டி எனக்கு அனுப்பிய முதல் வரைவில் ஏழு கேள்விகள் இருந்தன. பேட்டர்ன் என்ன, சிலபஸ் என்ன, எந்த மாதிரிக் கேள்வி வரும், எத்தனை ரவுண்டு, மொபைலில் எழுதலாமா, பைத்தான் உண்டா, நேரம் எவ்வளவு.

நான் இப்போது பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஹெச்ஆரில் இருப்பவர் ஒரே பட்டியலில் நூறு இருநூறு பேருக்கு அழைப்பு அனுப்பியிருப்பார். ஏழு கேள்வி உள்ள மெயிலைப் பார்த்தால் 'அப்புறம் பார்ப்போம்' என்று ஒதுக்குவார். இல்லாவிட்டால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் போட்டுவிட்டுப் போவார். இரண்டு மூன்று கேள்வி, அதுவும் ஒரு எண்ணிலோ ஆம் இல்லை என்றோ பதில் சொல்லக்கூடியது என்றால் நின்ற நிலையிலேயே பதில் வந்துவிடும்.

அதனால் மனதில் இருக்கிற கேள்விகளை முதலில் சலிக்க வேண்டும். அழைப்பிலேயே பதில் இருப்பதைத் தள்ளிவிடுங்கள். தங்கையின் பட்டியலில் மொபைல் கேள்வி அப்படிப் போனது. கம்ப்யூட்டர் அவசியம் என்று எழுதியே இருக்கிறதே. அடுத்து, டெஸ்ட் தளமே காட்டிக்கொடுக்கிறவற்றைத் தள்ளுங்கள். ஹேக்கர்ரேங்க், கோடிலிட்டி போன்ற தளங்களில் மதிப்பெண் சேராத மாதிரி டெஸ்ட் உண்டு. எந்தெந்த மொழி இருக்கிறது, எடிட்டர் எப்படி இருக்கும், விடையை எப்படி ஓட்டிப் பார்ப்பது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். மீதி நிற்பது, அந்த நிறுவனம் இந்த டெஸ்டுக்கென்று வைத்த ஏற்பாடு. நிமிடங்கள், பகுதிகள், கெடு, தப்புக்கு மதிப்பெண் குறைப்பு எல்லாம் அந்த வகை. ஹெச்ஆரிடம் கேட்க வேண்டியது இதை மட்டுந்தான்.

'எந்த மாதிரிக் கேள்வி வரும்' என்பதைக் கேட்கவே வேண்டாம். வடிவத்தைக் கேட்பதில் தப்பே இல்லை, எல்லோரும் கேட்பதுதான். வரப்போகும் கேள்வியையே கேட்பது வேறு மாதிரிப் படும்.

யாருக்கு, எப்போது

அழைப்பு வந்த அன்றே, முடிந்தால் அலுவலக நேரத்துக்குள், பதில் போய்விட வேண்டும். கெடு வியாழன் என்றால் புதன் ராத்திரி கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

அனுப்பியவர் முகவரியைப் பாருங்கள். `noreply@` என்று தொடங்கினால் அது தளம் தானாக அனுப்பியது, அதற்குப் பதில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். தங்கைக்கும் அப்படித்தான் வந்திருந்தது. ஆனால் நாலு நாள் முன்னால் ஹெச்ஆர் ஒருவர் விண்ணப்பம் கிடைத்ததாக அவளுக்கு மெயில் போட்டிருந்தார். அந்த மெயிலுக்கே பதிலாக எழுதச் சொன்னேன். பழைய தலைப்பு அப்படியே இருக்கட்டும், அதன் முன்னால் 'ஆன்லைன் டெஸ்ட் குறித்து' என்று மட்டும் சேர்த்தால் போதும். புது மெயிலாகப் போட்டால் நீங்கள் யார் என்று அவர் தேட வேண்டியிருக்கும்.

இன்னொன்று நம் ஊர்ச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். விண்ணப்பப் படிவத்தில் ஒரு இடத்தில் இனிஷியலைக் கடைசிப் பெயராகவும் இன்னொரு இடத்தில் அப்பா பெயரை முழுதாகவும் போட்டுவைக்கிறோம். கேமரா வைத்து நடக்கிற டெஸ்டில் ஆரம்பத்தில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வது உண்டு. தளத்தில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள். தங்கைக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது, அதனால் அந்த வரி தேவைப்படவில்லை.

கடைசியில் போன மெயில்

மெயில் ஆங்கிலத்தில்தான் போனது. பொருளை இங்கே தமிழில் தருகிறேன். நீங்களும் இதே அளவில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும்.

> வணக்கம் (ஹெச்ஆர் பெயர்),
>
> ட்ரெய்னி டெவலப்பர் பணிக்கான ஆன்லைன் டெஸ்ட் அழைப்பு இன்று கிடைத்தது. நன்றி. கெடுவுக்குள் எழுதிவிடுகிறேன்.
>
> மூன்று விவரங்கள் மட்டும் உறுதிசெய்ய முடியுமா?
>
> 1. டெஸ்ட் மொத்தம் எத்தனை நிமிடம்? ஆப்டிட்யூடுக்கும் கோடிங்குக்கும் தனித்தனி நேரமா, சேர்த்து ஒரே நேரமா?
> 2. வியாழன் இரவு 11:59 என்பது இந்திய நேரமா? அதற்குள் ஆரம்பித்தால் போதுமா, முடித்திருக்க வேண்டுமா?
> 3. ஆப்டிட்யூடில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமா?
>
> எங்கள் பகுதியில் புதன்கிழமை காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை அறிவித்திருக்கிறார்கள். அதனால் வியாழக்கிழமை காலை எழுதத் திட்டமிட்டிருக்கிறேன்.
>
> (முழுப் பெயர், விண்ணப்ப எண், கைப்பேசி எண்)

முதல் பத்தியிலேயே 'எழுதிவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டதைக் கவனியுங்கள். அது இல்லாமல் கேள்வியோடு மெயில் ஆரம்பித்தால், இவர் எழுதப்போகிறாரா இல்லை யோசிக்கிறாரா என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. ஹெச்ஆருக்கு முதலில் வேண்டியது அந்த ஒரு தகவல்தான்.

'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம் என்றேன். நம் பக்கம் மரியாதைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்த ஹெச்ஆர் ஒரு பெண். மெயிலின் அடியில் பெயர் இருக்கும்போது பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பதே சரி.

இனி மூன்று கேள்விகளும் ஏன் என்று பார்ப்போம்.

நேரம் தனித்தனியா சேர்த்தா என்பது, எழுதுகிற முறையையே மாற்றிவிடும். சேர்த்து ஒரே நேரம் என்றால், ஆப்டிட்யூடைச் சீக்கிரம் முடித்து மிச்சத்தைக் கோடிங்குக்கு வைத்துக்கொள்ளலாம். தனித்தனி என்றால் அந்த மிச்சம் உங்களுக்கு வராது. சில இடங்களில் முதல் பகுதியை மூடிவிட்டால் திரும்பிப் போகவும் முடியாது. அப்படியானால் கொடுத்த நேரம் முழுவதையும் அங்கேயே செலவழித்துச் சரிபார்ப்பதுதான் புத்தி.

இந்திய நேரமா என்பதைக் கேட்டால் சிரிப்பார்களோ என்று தங்கை தயங்கினாள். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் சிங்கப்பூரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரவு 11:59 என்றால் நமக்கு 9:29. பத்து மணிக்கு சாப்பிட்டுவிட்டு உட்காரலாம் என்று இருந்தால் லிங்க் செத்திருக்கும். தளம் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தைக் காட்டினால் நிலைமை தலைகீழ். அங்கே 11:59 என்பது நமக்கு மறுநாள் காலை 5:29, அதாவது கூடுதல் நேரம் கிடைக்கும். தெரியாதவரை கெடு முந்தியே முடிகிறது என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆரம்பித்தால் போதுமா முடிக்க வேண்டுமா என்பதும் தளத்துக்குத் தளம் மாறும். கெடு வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்டையே மூடிவிடுவதும் உண்டு.

மூன்றாவது கேள்வி கணக்கு. நாலு விருப்பம் உள்ள கேள்விகளில் 16-ஐக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 4 சரி, 12 தப்பு. ஒரு தப்புக்குக் கால் மதிப்பெண் குறைந்தால் 4-இல் 3 போய் 1 மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 4-இல் 4 போய் ஒன்றும் மிஞ்சாது. அரை மதிப்பெண் குறைந்தால் 6 போகும், நம் கையிலிருந்து 2 கொடுக்க வேண்டும். குறைப்பே இல்லை என்றால் ஒன்றைக்கூட வெறுமையாக விடக்கூடாது. ஒரு 'ஆம்' அல்லது 'இல்லை'யில் இவ்வளவு இருக்கிறது.

மின்தடை வரி சலுகை கேட்பதற்காக எழுதியது இல்லை. மின்வாரியம் துணைமின் நிலையங்களில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதும், அதை முன்கூட்டிப் பத்திரிகையில் போடுவதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்குக் கல்லிடைக்குறிச்சியின் புதன்கிழமை தெரியாது. எப்போது எழுதப்போகிறேன் என்று சொல்லிவைத்தால், அந்த நேரத்தில் ஏதாவது கோளாறு வந்தாலும் உங்கள் பெயர் அவருக்கு நினைவிருக்கும். தேதியே மாற்ற வேண்டுமானால் அதை நேராகக் கேட்க வேண்டும், கெடு முடிவதற்கு முன்னால் கேட்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்து மின்சாரமும் சிக்னலும் போனபோது, கெடு தாண்டிய பிறகுதான் பலரால் மெயில் போட முடிந்தது. அப்படியான நேரத்தில் சிக்னல் கிடைத்த உடனே நடந்ததை இரண்டு வரியில் எழுதி, எந்தத் தேதியில் எழுத முடியும் என்று நீங்களே ஒரு நாளைக் குறிப்பிடுங்கள். கதை வேண்டாம்.

ஹெச்ஆரிடம் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டியது

தங்கைக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. "அண்ணே, முழு புரோகிராமும் எழுதணுமா, ஃபங்ஷன் மட்டும் போதுமா?" நல்ல சந்தேகம், ஆனால் ஹெச்ஆரில் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புரியாது. மாதிரி டெஸ்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். சில கேள்விகளில் நீங்களே உள்ளீட்டைப் படித்து விடையை அச்சிட வேண்டும்:

```python
n = int(input())
a = list(map(int, input().split()))
print(sum(a))
```

சிலவற்றில் ஃபங்ஷன் தலைப்பைத் தளமே கொடுத்துவிடும். நீங்கள் மதிப்பைத் திருப்பிக் கொடுத்தால் போதும்:

```python
def solution(a):
    return sum(a)
```

இரண்டாவது வகையில் `return` போடாமல் `print` போட்டால் கணக்குச் சரியாக இருந்தும் விடை தப்பாகும். முதல் வகையில் நம் பிள்ளைகள் செய்கிற தப்பு வேறு. காலேஜ் லேபில் பழகின பழக்கத்தில் `input("Enter n: ")` என்று எழுதுவார்கள். அந்த 'Enter n:' என்ற எழுத்தும் வெளியீட்டில் போய் விழும். திருத்துவது மனிதர் இல்லை, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கும் நிரல். திரையில் விடை சரியாகத் தெரிந்தும் எல்லா டெஸ்ட் கேஸும் சிவப்பாக வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பதில் வந்தாலும் வராவிட்டாலும்

செவ்வாய் சாயங்காலம் 5:40-க்குப் போன மெயிலுக்குப் புதன் காலை 11:20-க்குப் பதில் வந்தது. ஆப்டிட்யூட் 30 கேள்வி, 40 நிமிடம். கோடிங் 2 கேள்வி, 70 நிமிடம். இரண்டும் தனித்தனி நேரம். மதிப்பெண் குறைப்பு இல்லை. கெடு இந்திய நேரம், அதற்குள் முடித்திருக்க வேண்டும். 'நன்றி, வியாழன் காலை எழுதுகிறேன்' என்று ஒரு வரி போட்டு அவள் முடித்துக்கொண்டாள்.

அந்தப் பதில் வராமல் இருந்திருந்தால்? புதன் மதியம் அதே மெயிலின் கீழே இரண்டு வரி நினைவூட்டல் போடலாம். ஹெச்ஆர் மெயிலின் அடியில் போன் எண் இருந்தால் அலுவலக நேரத்தில் ஒரு முறை கூப்பிடலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் காத்திருந்து கெடுவை விடக்கூடாது. வியாழன் காலையில் கம்ப்யூட்டரில் லிங்கைத் திறந்தால் பெரும்பாலான தளங்களில் முதலில் விவரப் பக்கம் வரும். மொத்த நிமிடம், கேள்வி எண்ணிக்கை, மதிப்பெண் விதி அங்கேயே இருக்கும். 'ஸ்டார்ட்' என்ற பொத்தானுக்கு முன்னால் நின்று படித்துவிட்டு, அதன் பிறகு அமுக்குங்கள். வண்ணார்பேட்டையில் நான் படிக்காமல் அமுக்கியது அந்தப் பொத்தானைத்தான்.

தங்கை நேரம் தேர்ந்தெடுத்ததுதான் வேடிக்கை. 110 நிமிடம், அடையாள அட்டை காட்டும் சடங்குக்கு ஒரு 20 நிமிடம், ஆக மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடம் அமைதி வேண்டும். மைக் ஓடிக்கொண்டிருக்கும், வெளிப் பேச்சுக் குரல் கேட்டால் தளம் குறித்துவைத்துக்கொள்ளும். அவர்கள் பக்கத்து வீட்டில் அப்பளம் போடுகிறார்கள். எட்டரை மணிக்கு உளுந்து மாவை இடிக்க ஆரம்பித்தால் இடிப்பும் பேச்சும் தெருவுக்கே கேட்கும். ஆகையால் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்துவிட்டாள். சித்தி காபி டம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

7:20-க்கு இரண்டாவது கோடிங் கேள்வியின் நடுவில் நெட் போனது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதே லிங்கைத் திறந்தாள். எழுதினது அப்படியே இருந்தது, ஆனால் கடிகாரம் நாலு நிமிடம் ஓடியிருந்தது. முடித்ததும் அதே மெயிலின் கீழே மூன்று வரி போட்டாள்: 7:20 முதல் 7:24 வரை இணைப்பு துண்டிக்கப்பட்டது, கோடிங் இரண்டாவது கேள்வியில் இருந்தேன், விடைகளைச் சமர்ப்பித்துவிட்டேன். பிழை காட்டிய திரையின் படத்தையும் இணைத்தாள். கூடுதல் நேரம் எதுவும் கேட்கவில்லை. மதியம் பதில் வந்தது: 'பார்த்தேன், எங்கள் பக்கம் டெஸ்ட் முழுமையாகச் சமர்ப்பித்ததாகவே காட்டுகிறது.'